சனிக்கிழமை பிளேடு

சனிக்கிழமை என்றால் சித்தப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். குளித்து முடித்ததும் திண்ணைக்கு வந்து, வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, சவர பிளேடு ஒன்றைப் பாதியாக ஒடித்து, உள்ளங்காலில் இருந்த காய்ப்பைச் சீவத் தொடங்குவார். வெந்நீரில் ஊறிய தோல் மெல்லிய சீவலாக உதிரும். இரண்டாவது விரலுக்கு நேர் கீழே, முன்பாதம் மேடாக இருக்கும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு அந்தக் காய்ப்பு இருந்தது. 30 வருடம் பஸ் கண்டக்டராக நின்றே வேலை பார்த்த கால். 15 வருடமாகச் சர்க்கரை நோயும் உண்டு.

ஒரு சனிக்கிழமை பிளேடு சற்று ஆழமாக இறங்கிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மஞ்சள் தூளை அப்பிவிட்டு, பெருமாள் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போய்வந்தார். வலி என்று ஒன்றுமே இல்லை. புதன்கிழமை வீடு துடைத்துக்கொண்டிருந்த சித்தி, தரையில் அவர் நடந்த தடத்தில் அங்கங்கே ஈரக்கறை இருப்பதைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தால் பாதம் வீங்கி, காய்ப்பின் ஓரத்திலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு நானும் உடன் போயிருந்தேன். டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "ஐயா, வெட்டும்போது வலிச்சுதா?"

"இல்லீங்க டாக்டர், வலியே தெரியல. அதான் தைரியமா வெட்டிட்டேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் டாக்டர் முகம் மாறியது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் நோய் இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்ப்பு என்பது நோய் அல்ல, தோலின் பதில். ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழுந்தால், தோல் தன் மேலடுக்கை மடங்கு மடங்காகத் தடித்துக்கொள்ளும். நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் இந்தத் தடிப்பிலும் இருக்கிறது. கடப்பாரை பிடிப்பவர் உள்ளங்கையிலும் வீணை வாசிப்பவர் விரல் நுனியிலும் வருவது இதுதான். நம் ஊரில் தரையில் சம்மணம் போட்டு நெடுநேரம் உட்காருகிறவர்களுக்குக் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பின்மேல் கறுத்துத் தடித்திருக்குமே, அதுவும் இதுதான். அகலமாகப் பரவி, ஓரம் இன்னதென்று தெரியாமல், பெரும்பாலும் வலிக்காமல் இருப்பது காய்ப்பு.

கால் ஆணி வேறு மாதிரி. அழுத்தம் ஒரு சின்னப் புள்ளியில் குவியும்போது தடிப்பு வெளிப்பக்கமாக வளர வழியில்லாமல் உள்நோக்கி வளர்கிறது. மேலே பார்த்தால் மிளகு அளவில் ஒரு வட்டம். அதன் நடுவில் கண்ணாடி போல லேசாக ஒளி ஊடுருவும் ஒரு கெட்டியான கரு. அந்தக் கரு கூம்பு வடிவத்தில், அகலமான பக்கம் மேலேயும் கூர்முனை கீழேயுமாக இறங்கியிருக்கும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்த முனை உள்ளே இருக்கும் நரம்பின்மேல் குத்துகிறது. ஆணி என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் வலியைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரே ஒரு தவறான எண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. ஆணி என்றால் பிடுங்கிவிடலாம், வேரோடு எடுத்துவிட்டால் திரும்ப வராது என்று தோன்றுகிறது. கால் ஆணிக்கு வேர் கிடையாது. அது ஏற்கெனவே இறந்துபோன தோல். திரும்ப வருவதற்குக் காரணம், உள்ளே மிச்சம் வைத்துவிட்ட வேர் அல்ல. வெளியே அப்படியே இருக்கும் அழுத்தம்தான்.

இதை வைத்துப் பார்த்தால் பிளேடு ஏன் ஏமாற்றுகிறது என்பது தெரியும். மேலே அகலமாக இருக்கும் தடிப்பைச் சீவும்போது உடனே சுகம் கிடைக்கிறது. ஆனால் கூம்பின் முனை எவ்வளவு ஆழத்தில் முடிகிறது, அதற்கு எத்தனை மயிரிழை கீழே உயிருள்ள தோல் தொடங்குகிறது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இறந்த தோலும் உயிருள்ள தோலும் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் கோடு எதுவும் இல்லை. வீட்டில் வெட்டுகிறவர் தன் உள்ளங்காலைத் தானே வளைந்து பார்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், வளைகிற பிளேடை வைத்துக்கொண்டு, ஆழத்தை வலியால் மட்டுமே அளக்கிறார். வலித்தால் நிறுத்துவது, வலிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் என்பதுதான் கணக்கு. சித்தப்பாவின் காலில் அந்த அளவுகோலே போய்விட்டிருந்தது.

நீண்ட நாள் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பாதத்து நரம்புகளை நுனியிலிருந்து மெல்ல மெல்ல அணைத்துக்கொண்டே வரும். சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது, செருப்புக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்து, சித்தப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து, இழை வளையும் வரை அழுத்தினார். 10 கிராம் எடைக்குரிய அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. ஏழெட்டு இடங்களில் வைத்தும் அவர் "தெரியுது" என்று சொன்னது இரண்டே இடத்தில்.

இதற்கு ஈடான ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு படுக்க வேண்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் கட்டை விரல், நடுவிரல், சுண்டு விரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு நொடி, இறகு படுவது போலத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. இரண்டு காலும் சேர்த்து ஆறு தொடுதல். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் காலைக் காட்ட வேண்டும். அந்தக் காலில் பிளேடு மட்டுமல்ல, ஆணி பிளாஸ்திரியும் படக்கூடாது.

சித்தப்பாவின் காய்ப்பை டாக்டர் அன்றே சீவினார். கத்தியைத் தோலுக்குக் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் பிடித்து, வெங்காயத் தோல் கனத்துக்கு ஓர் அடுக்கு, நிறுத்தி, துடைத்து, மறுபடி ஓர் அடுக்கு. பாதிக் காய்ப்பு போனதும் அடியில் காப்பி நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. "இது பழைய ரத்தம்" என்றார். இன்னும் இரண்டு அடுக்கு போனதும் காய்ப்புக்குக் கீழே ஒரு குழி திறந்தது. மேலே பார்க்கும்போது கீறல் அளவுக்குத் தெரிந்த புண், உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

அந்தப் புண் முழுக்கப் பிளேடால் வந்ததல்ல. கெட்டித்துப்போன காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி, அடியில் இருக்கும் மென்மையான சதையை ஒவ்வோர் அடியிலும் நசுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே ரத்தம் கட்டி, குழி விழ ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் பிளேடு அதற்கு ஒரு வாசலைத் திறந்து, கிருமியை உள்ளே அனுப்பியது. எனவே காய்ப்பை அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல. உணர்வு குறைந்த காலில் காய்ப்பைத் தேர்ந்த கையால் அகற்றினால் அந்த இடத்தில் விழும் அழுத்தம் கால் பங்குக்குப் பக்கமாகக் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அகற்றத்தான் வேண்டும். யார், எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ப்புக்குள் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு நிழல் தெரிந்தால் அது அழுக்கு அல்ல, அடியில் புண் தொடங்குவதன் முன்னறிவிப்பு. அந்தத் திட்டு மூன்று மாதமாக இருந்ததாகச் சித்தி பிறகு சொன்னார். தார் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவர் படிகாரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

மெல்லிய கம்பியால் குழியின் ஆழம் பார்த்தபோது எலும்பு தட்டவில்லை. அது பெரிய ஆறுதல். எலும்பு வரை கிருமி போயிருந்தால் விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வந்திருக்கலாம். எக்ஸ்ரே, மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு, அந்த இடத்தில் எடை விழாதபடி ஏற்பாடு என்று பத்து வாரம் ஆனது.

எடை விழாதபடி என்ற இந்தச் சிந்தனைக்கு வேலூரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நோய் சதையைத் தானாக அழுகச் செய்கிறது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். அவரோ, உணர்வு போன பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதிபட்டுப் புண்ணாகிறது என்று காட்டினார். அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் புண் ஆறியது. அந்த வழியில் பிறந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில்கூடக் கேட்டு வாங்குகிற, நுண்குமிழ் ரப்பர் வைத்த செருப்பு. தொழுநோய்க்காக வந்த அந்தச் செருப்பு சர்க்கரைக் கால்களுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. இரண்டிலும் கோளாறு ஒன்றுதானே, பாதம் தன் வலியைச் சொல்வதில்லை.

நல்ல எம்.சி.ஆர். செருப்பை எப்படி அறிவது? உள்பக்க ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினால் பதிய வேண்டும், எடுத்ததும் எழும்பி வர வேண்டும். பதியாவிட்டால் அது பெயருக்கு எம்.சி.ஆர். பதிந்து எழாவிட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது. அடியில் கெட்டியான சோல் தனியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முள்ளும் ஆணியும் மெத்தையை ஊடுருவி வந்துவிடும். குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும். உணர்வில்லாத கால் செருப்பை நழுவவிட்டுவிட்டுத் தெரியாமலே நடந்துபோகும். இரும்பு ஆணி அடித்துச் செய்த செருப்பு வேண்டவே வேண்டாம். ஒட்டியதும் தைத்ததுமே நல்லது.

சர்க்கரை இல்லாத, உணர்வு நன்றாக இருக்கும் கால்களுக்கு இத்தனை அச்சம் தேவையில்லை. என் தங்கை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் நேரம்தான் அதிகம். சீருடையோடு போடச் சொன்ன முனை குறுகிய ஷூவால் அவள் சுண்டு விரலின் மேல் ஆணி வந்துவிட்டது. எருக்கம்பால் வைக்கச் சொன்னார்கள், சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்கள். இரண்டும் தோலை அரிக்கக் கூடியவை. ஆணியை மட்டும் பார்த்து அரிக்காது, சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்தே சுடும்.

நான் அவளிடம் ஒரு வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு நிற்கச் சொன்னேன். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, காலைச் சுற்றிக் கோடு போட்டேன். அந்தக் கோட்டின்மேல் அவள் ஷூவை வைத்தேன். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் பாதத்தின் கோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டு விரல் தினமும் ஒன்பது மணி நேரம் எங்கே மடங்கிக் கிடந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் எல்லாச் செருப்புகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

புது ஷூ வாங்க அவளை மாலையில் கூட்டிப்போனேன். நாள் முழுக்க நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்து பார்த்து வாங்கக்கூடாது, எழுந்து நின்று பார்க்க வேண்டும். நிற்கும்போதுதான் பாதம் விரிகிறது. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த நீளமான விரல் பலருக்குக் கட்டை விரலாக இருப்பதில்லை, இரண்டாவது விரல்தான். போகப் போக இளகிவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கினால், ஷூ இளகுவதற்குள் ஆணி வந்துவிடும்.

இதோடு அவள் செய்த மற்றொன்று ஊறவைத்தல். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம், அவ்வளவே. துவட்டிவிட்டு, கால் தேய்க்கிற கல்லையும் நனைத்து, ஆணியின்மேல் ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்தாள். ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இங்கே கெடுதல். கொஞ்சம் மெலிந்ததும், தோல் லேசாகச் சிவக்கத் தொடங்கும் முன்னரே நிறுத்திவிட வேண்டும். இரவில் யூரியா கலந்த களிம்பு. மருந்துக்கடையில் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை கிடைக்கும். குறைந்த அளவு தோலில் ஈரத்தைத் தக்கவைத்து மிருதுவாக்கும், 40 சதவீதம் கெட்டித் தோலைக் கரைக்கும். அவளுக்கு 20 சதவீதமே போதுமாக இருந்தது. வாரத்தில் மூன்று நாள் கல், தினமும் இரவில் களிம்பு. நான்காவது வாரத்தில் ஆணி இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் தழும்பு போல மட்டும் தெரிந்தது. ஷூ மாறாமல் களிம்பு மட்டும் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

நடுவில் வட்டமாக மருந்து வைத்த ஆணி பிளாஸ்திரியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த மருந்து சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 சதவீதம். கெட்டித் தோலை வெளுக்கவைத்து உரித்தெடுக்கும். மருந்து வட்டம் சரியாக ஆணியின்மேல் உட்கார வேண்டும். நகர்ந்தால் பக்கத்து நல்ல தோல் வெந்துவிடும், அதனால் ஆணியைச் சுற்றி வாசலின் தடவிவிட்டு ஒட்டுவது நல்லது. தோல் வெளுப்பது இயல்பு, சிவந்து எரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். உறையில் சொன்ன நாளுக்கு மேல் தொடரக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதைத் தொடவே வேண்டாம். அமிலம் சுடுவது தெரியாத காலில் அதுவும் ஒரு பிளேடுதான். அவர்கள் காலை நீரில் ஊறவைப்பதும் வேண்டாம், சூடு தெரியாமல் கொப்புளித்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

விரல் இடுக்கில், குறிப்பாக நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வரும் ஆணிக்குக் கதை தலைகீழ். அங்கே வியர்வை தேங்கி, ஆணி ஊறிய சாதம் போல வெளுத்து மெதுமெதுவென்று இருக்கும். சேற்றுப்புண் என்று நினைத்துப் பலர் அதற்குரிய களிம்பைப் போடுகிறார்கள். இரண்டு விரல் எலும்புகள் ஒன்றையொன்று நசுக்குவதுதான் காரணம், அதனால் ஊறவைக்கவோ களிம்பு போடவோ கூடாது. குளித்ததும் இடுக்கை நன்றாகத் துவட்டி, சிறிது பஞ்சோ ஸ்பாஞ்சுத் துண்டோ வைத்து விரல்களைப் பிரித்து வைத்தாலே பெரும்பாலும் தணியும். மெட்டி அணிகிறவர்கள் அதன் கெட்டியான ஓரம் பக்கத்து விரலில் உரசித் தடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். உள்ளங்காலில் இருப்பது ஆணிதானா, மருவா? பாத மரு வைரஸால் வருவது. அதைப் பிளேடால் சீவினால் பிளேடு பட்ட வேறு இடங்களுக்கும் அது பரவலாம். தோலின் ரேகைகளைக் கவனியுங்கள். காய்ப்பில் ரேகைகள் மேலே தொடர்ந்து ஓடும், மருவில் ஓரத்தோடு விலகிப்போகும். மருவுக்குள் கறுப்புப் புள்ளிகள் ஊசி குத்தினாற்போலத் தெரியும், அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, இரு விரலால் பக்கவாட்டில் கிள்ளினால் அதிகம் வலிப்பது பெரும்பாலும் மரு. சந்தேகமாக இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. கல்லையும் களிம்பையும் அதற்குப் பிறகு எடுக்கலாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்றால், சுற்றிலும் சிவந்தால், சூடாக இருந்தால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் வந்தால். சர்க்கரைக் காலில் வலி இல்லாததால் இந்த அறிகுறிகளைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனை.

சித்தப்பா இப்போது எம்.சி.ஆர். செருப்போடுதான் வீட்டுக்குள்ளும் நடக்கிறார். வாங்கிய தேதியைச் சித்தி செருப்பின் அடியில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார், எப்போது மாற்ற வேண்டும் என்பது நினைவிருக்க. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் காய்ப்பைச் சீவுகிறார்கள். போன முறை டாக்டர் எடுத்த சீவல் முன்பு எடுத்ததில் பாதி கனம்கூட இல்லை. தினமும் இரவு படுக்கும் முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தை நீட்டி, சித்தி டார்ச் அடிக்க, இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் பார்த்துச் சொல்வது சித்திதான்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தொடர்கிறது. குளித்து வந்ததும் விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருகிறார். பிளேடு டப்பாவைச் சித்தி எங்கே வைத்தார் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.